கோள்களும் காற்று அடுக்குகளும்: வரிசை மறக்காமல் இருக்க

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு: வெள்ளிக்கிழமைத் தேர்வில் கோள்களின் வரிசையும் வளிமண்டல அடுக்குகளும் வரும். உருப்போட வேண்டாம். இதை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள், கதைகளை யாருக்காவது சொல்லிக் காட்டுங்கள்.

முதலில் ஒரு வாக்கியம்:

புது வெள்ளைப் பூனை செடிக்குள் விழுந்து சட்டென யுக்தியாய் நெளிந்தது.

முதல் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு போங்கள்: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். பு எங்கே, பூ எங்கே என்று குழம்புபவர்கள் உண்டு. பு குறில், எட்டுக் கோள்களில் மிகச் சிறியது புதன்தான். பூ நெடில், பூமி அதைவிடப் பெரியது. குறில் சூரியனுக்குப் பக்கத்தில், நெடில் இரண்டு இடம் தள்ளி.

பூனை பிடிக்காதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். கிழமைகளை ஒன்று விட்டு ஒன்றாகச் சொல்லுங்கள், புதனில் தொடங்கி: புதன், (வியாழனை விடு) வெள்ளி, (சனியை விடு) ஞாயிறு, (திங்களை விடு) செவ்வாய், (புதனை விடு) வியாழன், (வெள்ளியை விடு) சனி. இப்போது ஞாயிறு இருக்கும் இடத்தில் பூமியை வையுங்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி. அவ்வளவுதான், ஆறு கோள்கள் வரிசையில் வந்துவிட்டன!

இது தற்செயல் இல்லை. அந்தக் காலத்தில் பூமிதான் நடுவில் இருக்கிறது என்று நினைத்தார்கள். வானத்தில் வேகமாக நகர்வது நிலா, பிறகு புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், கடைசியில் மெதுவாக நகரும் சனி என்று ஒரு வரிசை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மணி நேரத்தையும் இந்த ஏழில் ஒன்றுக்கு, சனியில் தொடங்கி நிலாவை நோக்கி மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். முதல் மணி யாருடையதோ அந்த நாளுக்கு அவர் பெயர். 24 மணி நேரத்தை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. அதனால் ஒவ்வொரு நாளும் வரிசையில் மூன்று இடம் தாவும். கிழமைகளுக்குள் அந்தப் பழைய வரிசை ஒளிந்திருப்பது அதனால்தான். அவர்கள் சூரியன் என்று வைத்த இடத்தில் நாம் பூமியை வைக்கிறோம், ஏனென்றால் நாம் சூரியனிலிருந்து எண்ணுகிறோம்.

யுரேனஸும் நெப்டியூனும் கிழமைகளில் இல்லை. தொலைநோக்கி வந்தபிறகு கண்டுபிடிக்கப்பட்டவை அவை. யுரேனஸ் 1781, நெப்டியூன் 1846. முதலில் கண்டது பக்கத்தில், பிறகு கண்டது தூரத்தில். எது முன்னே என்று சந்தேகம் வந்தால் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். (1930இல் கண்ட புளூட்டோ இன்னும் தள்ளி. 2006 முதல் அது குறுங்கோள், எனவே தேர்வில் ஒன்பதாவதாக எழுதாதீர்கள்.)

கதை ஒன்று: கதிர் சொன்னது

நான் சூரியனை விட்டுக் கிளம்பிய ஒளிக்கதிர். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவேன். மூன்று நிமிடம் ஆனதும் புதன் வந்தது. பகலில் கொதிக்கிறது, இரவில் உறைகிறது. போர்த்திக்கொள்ளக் காற்று இல்லை, பாவம்.

ஆறாவது நிமிடம் வெள்ளி. அடர்த்தியான மேகம் என் கூட்டாளிகள் பலரைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. அதனால்தான் அது அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. எட்டு நிமிடம் இருபது நொடியில் பூமி. அங்கே ஒரு இலை என்னைப் பிடிக்கப் பார்த்தது, தப்பித்துவிட்டேன். பதின்மூன்றாவது நிமிடம் வாக்கில் செவ்வாய், துருப்பிடித்த சிவப்பு மண்.

அப்புறம்தான் நீண்ட ஓட்டம். வழியில் சிறுகோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன, ஆனால் ஒன்றும் மோதவில்லை. அவற்றுக்கு இடையே அவ்வளவு இடம். அரை மணி ஓடியபின், 43ஆவது நிமிடத்தில் வியாழன்! மற்ற கோள்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இதன் எடைக்கு ஈடாகாது. 80ஆவது நிமிடம் சனி, வளையங்களுக்குள் புகுந்து வந்தேன்.

இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் யுரேனஸ். பக்கவாட்டில் படுத்துக்கொண்டே சுற்றுகிறது, என்ன சோம்பலோ. நான்கு மணி பத்து நிமிடத்தில் நெப்டியூன். திரும்பிப் பார்த்தேன். சூரியன் ஒரு பிரகாசமான புள்ளியாகத் தெரிந்தது.

நேரங்களையும் சேர்த்துப் படியுங்கள். முதல் நான்கும் 13 நிமிடத்துக்குள், அடுத்த நான்கும் எங்கோ தூரத்தில். முதல் நான்கும் பாறைக் கோள்கள், பிந்தைய நான்கும் வாயுவும் பனியும் நிறைந்த பெரிய கோள்கள். இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

இப்போது காற்று அடுக்குகள், கீழிருந்து மேலே:

கீரி மீனை இழுத்துவந்து வெந்ததும் வெளியே போட்டது.

கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு. இரண்டு ‘வெ’ இருக்கிறதே என்றால், வெந்தால் வெப்பம், வெளியே என்றால் வெளி. வெந்த பிறகுதான் வெளியே போடும். ட்ரோபோஸ்பியர், ஸ்ட்ராட்டோஸ்பியர், மீசோஸ்பியர், தெர்மோஸ்பியர், எக்ஸோஸ்பியர் என்று எழுதினாலும் அதே வரிசைதான்.

கதை இரண்டு: கூழாங்கல்லின் இறக்கம்

இது மேலிருந்து கீழே. தேர்வில் திருப்பிக் கேட்டால் உதவும்.

விண்வெளியில் அலைந்த ஒரு சின்னக் கல் பூமியை நோக்கி விழுந்தது. முதலில் வெளியடுக்கு. அங்கே காற்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. அணு ஒன்றை அடுத்த அணு சந்திப்பதே அபூர்வம்.

அடுத்து வெப்ப அடுக்கு. அங்கே வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டலாம், ஆனால் கல்லுக்குச் சூடே தெரியவில்லை. தொட்டுச் சுட்டுவிடும் அளவுக்கு அங்கே மூலக்கூறுகள் இல்லை. துருவத்தின் பக்கம் பச்சை ஒளி ஆடிக்கொண்டிருந்தது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் குறுக்கே போனது. “வழி விடு!” என்றது கல்.

85 கிலோமீட்டர் அருகே இடையடுக்கு தொடங்கியது. அங்கே காற்று கொஞ்சம் கனம். கல்லுக்கு முன்னால் நசுங்கிய காற்று சூடேறி, கல்லை எரித்துவிட்டது. கீழே ஒரு சிறுமி “எரிநட்சத்திரம்!” என்று கத்தினாள். வேடிக்கை என்னவென்றால், வளிமண்டலத்திலேயே அதிகக் குளிர் இந்த அடுக்கின் மேல் விளிம்பில்தான், சுமார் மைனஸ் 90 டிகிரி.

மிஞ்சியது தூசி. அது 50 கிலோமீட்டருக்குக் கீழே மீள் அடுக்கில் நாள்கணக்கில் மிதந்தது. ஓசோன் அங்கே புற ஊதாக் கதிர்களை விழுங்கிக்கொண்டிருந்தது. பிறகு, துருவத்தில் 8 கிலோமீட்டர், நிலநடுக்கோட்டில் 18 கிலோமீட்டர் உயரம்வரை இருக்கும் கீழடுக்கில் இறங்கியது. மேகம், மழை, இடி எல்லாம் இங்கேதான். ஒரு மழைத்துளி அதைப் பிடித்துத் தரையில் போட்டது.

வெப்பநிலைக்கு ஒரு தந்திரம். கீழிருந்து எண்ணுங்கள்: ஒன்றாவதும் மூன்றாவதும் ஆன ஒற்றைப்படை அடுக்குகளில் மேலே போகப் போகக் குளிரும், இரண்டாவதும் நான்காவதும் ஆன இரட்டைப்படையில் சூடேறும். இரண்டில் சூடேறக் காரணம் ஓசோன், அது விழுங்கிய கதிர் வெப்பமாகிறது.

இவற்றுக்குப் பார்க்காமல் விடை சொல்லுங்கள். வியாழனுக்கும் யுரேனஸுக்கும் நடுவே யார்? எரிகற்கள் பெரும்பாலும் எந்த அடுக்கில் எரிகின்றன? மேலே போகப் போக மீள் அடுக்கில் வெப்பம் கூடுமா குறையுமா? விடைகள்: சனி, இடையடுக்கு, கூடும். ஒன்று தவறினாலும் அந்தக் கதையை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.