அம்மாவின் வைத்திய அறிக்கைக்கு உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்புக் கோரல்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
18.08.2025

வைத்தியப் பொறுப்பாளர்,
சித்த வைத்திய நிலையம்,
கோண்டாவில்.

மதிப்புக்குரிய டொக்டர் ஐயா,

எனது அம்மா சின்னத்துரை மகேஸ்வரி 2023ஆம் ஆண்டு இடக்கைப் பலவீனத்துக்காக உங்களிடம் வைத்தியம் பார்த்தவர். அப்போது நீங்கள் தமிழில் கையால் எழுதித் தந்த இரண்டு பக்க அறிக்கைக்கு இப்போது ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. அம்மா கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் போக சுப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். கொழும்பில் மருத்துவப் பரிசோதனை செய்த டொக்டர் பழைய வைத்திய விபரங்களைக் கேட்டிருக்கிறார். தமிழ் ஆவணம் என்றால் மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குடும்பத்தவர் செய்தது செல்லாது. இல்லாவிட்டால் ஆங்கில ஆசிரியையான என் மனைவியே ஒரு பின்னேரத்தில் முடித்திருப்பார்.

மூல அறிக்கை தம்பியிடம் இருக்கிறது. போன நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது மற்றக் கடதாசிகளோடு கொண்டுபோய்விட்டார். அவர் கைத்தொலைபேசியில் எடுத்து வைபரில் அனுப்பிய படத்தைத்தான் அச்செடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் பக்கம் தெளிவு. இரண்டாம் பக்கத்தில் கடதாசி மடிந்த கோடு அமுக்கரா சூரணத்தின் அளவுக்கு மேலாகவே போகிறது. 3 கிராமா 5 கிராமா என்று எனக்குப் பிடிபடவில்லை. முத்திரையின் ஒரு ஓரம் தம்பியின் பெருவிரலுக்குள் மறைந்துவிட்டது.

உங்கள் கோப்பில் பிரதி இருக்கும் என்று நம்புகிறேன். அதோடு ஒப்பிட்டு இந்த இரண்டையும் உறுதிப்படுத்தித் தாருங்கள். கோப்பிலும் வாசிக்க முடியாவிட்டால், அந்த இடத்தில் 'தெளிவில்லை' என்றே எழுதினால் சரி. அளவை ஊகித்து எழுத வேண்டாம். மூலத்தைப் பார்த்ததாகவும் போட வேண்டாம், படத்தைக் கோப்புப் பிரதியோடு ஒப்பிட்டதாகக் குறிப்பிட்டால் போதும்.

உங்களுக்குப் பழக்கமான சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பதாக வரவேற்பில் இருக்கும் தங்கச்சி சொன்னார். அவரிடமே கொடுத்துச் செய்விக்க எனக்குச் சம்மதம். முத்திரையில் உள்ள தமிழ் எழுத்துகளும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். மருந்துப் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதி, அவை எதற்கு என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் அங்கே வாசிப்பவருக்கு விளங்கும். அம்மாவின் முழுப்பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே வரவேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் கேள்வி வரும். திகதிகளில் மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராகவே எழுதச் சொல்லுங்கள்.

கட்டணத்தைச் சொன்னால் உடனே கட்டிவிடுகிறேன். இந்த மாதம் 29ஆம் திகதிக்குள் கிடைத்தால் பெரிய உதவி. அம்மாவின் கோப்பில் இருக்கும் அதே தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம். ஏதும் விளக்கம் தேவையென்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் வருவேன். கை இப்போது நல்லம், தேங்காய் துருவுகிறார்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சி. ரவீந்திரன் (மகன்)

இணைப்பு: அறிக்கையின் படம் இரண்டு பக்கம், அம்மாவின் கடவுச்சீட்டுப் பிரதி, அம்மா கையொப்பமிட்ட சம்மதக் கடிதம்.