பொருள்: பொதுக் கோப்புறைகளின் புதிய அமைப்பு

அனைத்துப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் நமது பொதுக் கோப்புறைகள் துறை, ஆண்டு, பணி என்ற வரிசையில் அமையும். ஒரே ஒப்பந்தம் ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘இதுவே சரி’ என மூன்று பெயர்களில் கிடப்பதால், கையொப்பமான படி எது என்று தேடுவதிலேயே கணக்குப் பிரிவினரின் நேரம் வீணாகிறது. இது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. கோப்பின் பெயரை 2025-03-14 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

பழைய கோப்புறைகளை இம்மாத இறுதிக்குள் அவரவர் சரிபார்த்து, தேவையற்ற நகல்களை நீக்கி, முடிந்த பணிகளைக் ‘காப்பகம்’ கோப்புறைக்கு மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தங்கள், ரசீதுகள், பணியாளர் ஆவணங்கள் ஆகியவற்றை என்னைக் கேட்காமல் அழிக்க வேண்டாம். பிறருடைய கோப்பை நகர்த்துவதற்கு முன் அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அலுவலக நிர்வாகி