பொள்ளாச்சி ஸ்விஃப்ட் கார்: ஒப்பந்தச் சுருக்கம்

அண்ணா, கேரளாவில் நம்ம பாலக்காட்டுச் சித்தூருக்குக் கொண்டுவர நீங்கள் வாங்கப்போகிற பொள்ளாச்சி வண்டிக்குக் கார்க்காரர் கொடுத்த ஒப்பந்த வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். பத்து ஷரத்துகள் இருக்கின்றன. ஏழில் பெரிய குறை இல்லை. 4, 6, 8 மூன்றையும் மாற்றி எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் சொல்வது இதுதான். TN 41 பதிவில் உள்ள 2017 மாடல் டீசல் ஸ்விஃப்ட், விலை 4,65,000 ரூபாய். நீங்கள் ஏற்கெனவே கொடுத்த 25,000 முன்பணம். மீதி 4,40,000 ரூபாயை 2025 டிசம்பர் 1-க்குள் மொத்தமாகக் கொடுத்ததும் வண்டியும் சாவியும் உங்கள் கைக்கு வரும். வண்டி இப்போது இருக்கிற நிலையிலேயே விற்கப்படுகிறது, பிறகு ரிப்பேர் என்று எதுவும் கேட்க முடியாது. ஆர்.சி.யில் உள்ள பெயர் விற்பவருடையதுதான். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒப்பந்தத்தில் சரியாக எழுதப்பட்டிருக்கின்றன, ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

4-வது ஷரத்து: பாக்கிகள்

வாசகத்தை அப்படியே தருகிறேன்: "வாகனத்தின் மீது நிலுவையில் உள்ள வரி, அபராதம், இதர பாக்கிகள் அனைத்தும் ஒப்பந்தத் தேதி முதல் வாங்குபவரையே சாரும்." இதற்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். அன்றைக்குப் பிறகு வருகிற அபராதம் உங்களுடையது என்றால் நியாயம்தான். ஆனால் "நிலுவையில் உள்ள" என்ற சொல் இருப்பதால், பழைய பாக்கியும் அன்று முதல் உங்கள் தலையில்தான் என்று நாளைக்கு அவர் சொல்ல இடமிருக்கிறது.

இது வெறும் சந்தேகம் இல்லை. echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நான்கு சலான்கள் கட்டாமல் நிற்கின்றன. பாலக்காடு பக்கம் கேமராவில் சீட் பெல்ட் போடாமல் சிக்கியவை இரண்டு, தலா 500. அதிவேகத்துக்கு ஒன்று, 1,500. கோவையில் நோ பார்க்கிங் ஒன்று, 500. ஆக 3,000 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் சலான் நிற்கிற வரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆர்.டி.ஓ. ஆபீஸின் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. வாங்க முடியாது. அதிவேகச் சலான் மட்டும் கோர்ட்டுக்குப் போய்விட்டது. அதை vcourts.gov.in வழியாகக் கட்ட வேண்டும். கட்டிய ரசீது மட்டும் போதாது, சலான் முடிந்துவிட்டதாகத் தளத்திலும் காட்ட வேண்டும்.

ஷரத்தை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: "வாகனம் வாங்குபவரிடம் ஒப்படைக்கப்படும் தேதி, நேரம் வரை ஏற்பட்ட எல்லா அபராதம், வரி, வழக்கு, இழப்பீடு ஆகியவை விற்பவரையே சாரும், அவை பின்னர் தெரியவந்தாலும் சரி. அதற்குப் பிறகு ஏற்படுபவை வாங்குபவரைச் சாரும்." நேரத்தை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். காலையில் அவர் ஓட்டி, மாலையில் நீங்கள் கோபாலபுரம் தாண்டி ஓட்டிவந்தால், அதே தேதியில் விழுந்த கேமரா சலான் யாருடையது என்று பிற்பாடு சண்டை வரும். ஒப்படைப்புச் சீட்டில் கிலோமீட்டர் அளவையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

6-வது ஷரத்து: கடன்

"வாகனத்தின் மீது எந்த வில்லங்கமும் இல்லை" என்கிறது ஒப்பந்தம். ஆனால் ஆர்.சி.யில் கோவை ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயரில் ஹெச்.பி. என்கிற கடன் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது என்று அவர் காட்டிய கடிதம் எட்டு மாதம் பழையது. கடன் முடிந்திருக்கலாம், அவரைப் பொய்க்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதிவில் ஹெச்.பி. இருக்கிற வரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் கணக்கில் அது கடன் வண்டிதான். ஃபைனான்ஸ் கையெழுத்தோடு ஃபார்ம் 35 கொடுத்து அதை நீக்குவது விற்பவரின் வேலை. "ஹெச்.பி. நீக்கிய ஆர்.சி.யைக் காட்டிய பிறகே மீதித் தொகை" என்று ஷரத்தில் சேருங்கள். இதற்கு அவர் மறுத்தால் வண்டியை விட்டுவிடுங்கள், உங்கள் பணத்துக்கு வேறு வண்டி கிடைக்கும்.

8-வது ஷரத்து: முன்பணம்

நீங்கள் பின்வாங்கினால் 25,000 போய்விடும். அவர் பின்வாங்கினால்? ஒரு வரிகூட இல்லை. ஹெச்.பி. நீங்காமலோ என்.ஓ.சி. கிடைக்காமலோ போனால் முன்பணத்தை ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள்.

எழுதப்படாத சுமைகள்

கேரளாவில் நீங்கள் கட்ட வேண்டிய சாலை வரி ஒப்பந்தத்தில் இல்லை. வெளிமாநில வண்டிக்கு மீதிக் காலத்துக்கு இங்கே வரி கட்டியாக வேண்டும். சித்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தொகையைக் கேட்டுவிட்டுத்தான் விலையை முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மலிவு என்று நினைத்து வாங்கிய வண்டி மலிவாக இருக்காது. முதல் விலைப் பில்லையும் அவரிடம் வாங்கி வையுங்கள்.

இன்சூரன்ஸ் 2026 பிப்ரவரி வரை இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பு சட்டப்படி உங்கள் பெயருக்கு வந்ததாகவே கருதப்படும். ஆனால் வண்டிக்கே சேதம் வந்தால் பணம் கிடைக்க, வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனியில் பெயர் மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் அவருக்குச் சொந்தமானது, உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கம்பெனி உங்களிடம் வசூலிக்கும்.

விபத்து வழக்கோ போலீஸ் வழக்கோ இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். வாய்வார்த்தையாக விடாமல் அதையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக் கணக்கை அவர் மூட வேண்டும், நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும்.

பெயர் மாற்றும் வரிசை

முதலில் சலான், அப்புறம் ஹெச்.பி., இரண்டும் முடிந்த பிறகு பொள்ளாச்சியில் ஃபார்ம் 28 கொடுத்துச் சித்தூருக்கு என்.ஓ.சி. வாங்க வேண்டும். இந்த மூன்றும் அவர் பொறுப்பு. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் விவரங்களை நிரப்பி, ஆர்.சி. பதிவில் உள்ள அதே கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். ஓ.டி.பி. அவருடைய செல்லுக்குத்தான் போகும், ஆர்.சி.யோடு இணைந்த எண் இப்போதும் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதன்பின் சித்தூரில் உங்கள் வேலை: ஃபார்ம் 29, 30, புதிய எண்ணுக்கு ஃபார்ம் 27, என்.ஓ.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, வரி. வண்டியையும் காட்ட வேண்டியிருக்கும். முடிந்ததும் KL 70 எண் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்பதால் விற்பவருக்கு 45 நாள்.

அவர் இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள்: பதிவில் பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவான உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. சீக்கிரம் மாற்றுவது அவருக்கும்தான் நல்லது.

பணம் கொடுக்கும் விதத்தையும் மாற்றக் கேளுங்கள். ஹெச்.பி. நீங்கி என்.ஓ.சி. கைக்கு வந்ததும் 4,00,000 வங்கி வழியாகக் கொடுத்து வண்டியை எடுங்கள். மீதி 40,000 சித்தூரில் உங்கள் பெயர் ஏறிய பிறகு. டிசம்பர் 1-க்குள் இதெல்லாம் முடியாது, ஆகவே கெடுவை டிசம்பர் 31 என்று மாற்றச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொண்டதும் புது வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.