ஐந்து மணிக்கே ஷட்டர் திறக்கும் பட்டறை

கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த மோட்டாரின் ஹேண்டலில் ஒரு நாள்காட்டித் தாள் கட்டியிருந்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார்கள்: "தம்பி, செயின் அறுந்துடுச்சு. நடந்தே போறேன். பார்த்து வைங்க."

அப்போது மணி ஒன்பது. நான் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினேன்.

சுங்கை சிப்புட்டில் அப்பா தொடங்கிய பட்டறை இது. காலை 9 முதல் மாலை 6 வரைதான் அவர் காலத்திலிருந்தே கணக்கு. ஆனால் போன வருடம் ஒரு நாளைக்கு 4 மோட்டார் வந்தாலே பெரிய விஷயம். விலையைக் குறைத்தேன், பேனர் அடித்தேன். ஒன்றும் நகரவில்லை.

மத்தியானம் அந்த அக்கா வந்தார். பால்மரம் வெட்டுபவர். காலணி முழுக்க செம்மண், விரலிடுக்கில் காய்ந்த பால். "பெரட்டுக்கு நேரமாச்சுன்னா அன்னைக்குப் பேர் விழாது தம்பி. நீங்க கடை திறக்கிறப்ப நாங்க பாதி மரம் வெட்டி முடிச்சிருப்போம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். இது தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். என் கடை நேரத்தோடு சேர்த்துத்தான் யோசித்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் காலை 5 மணிக்குத் திறந்தேன். இங்கே விடியவே ஏழாகிவிடும், அதனால் வாசலில் இரண்டு விளக்கு போட்டேன். முதல் இரண்டு வாரம் தேத்தண்ணீரும் நானும்தான். மூன்றாவது வாரம் ஒரு பஞ்சர், ஒரு பிரேக் கேபிள். அப்புறம் செம்பனைத் தோட்டத்துப் பையன்கள் வர ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வருகிற மோட்டார்களில் பாதிக்குச் செயின்தான் பிரச்சனை. செம்மண் தூசி எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் மாதிரி. செயினையும் பல்சக்கரத்தையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். அறுந்த பிறகு மாற்றுவதைவிட முன்னமே கழுவி, எண்ணெய் விட்டு, தளர்வைச் சரி செய்துவிடலாம் என்று 8 வெள்ளிக்குச் செய்ய ஆரம்பித்தேன். பத்து நிமிட வேலை, நின்று வாங்கிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடலாம்.

இப்போது ஒரு நாளைக்கு 11, 12 மோட்டார் வருகிறது. அந்த அக்காவின் மோட்டார் எட்டு மாதமாக வழியில் நின்றதில்லை. மாதம் ஒரு தடவை செயின் கழுவ வருவார், சில நாள் வீட்டு முருங்கைக்கீரையோடு.

மழை தொடங்கிவிட்டது, தோட்டத்துப் பாதையெல்லாம் சேறு. உங்கள் மோட்டார் செயின் 'கடகட' என்று சத்தம் போட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

🕔 காலை 5 – 10, மாலை 4 – 9. ஞாயிறு விடுமுறை.
அவசரமென்றால் இந்தப் பக்கத்தின் இன்பாக்ஸில் குரல் பதிவு போடுங்கள். எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை.

#சுங்கைசிப்புட் #மோட்டார்பட்டறை #தோட்டத்துமக்கள்