குழந்தை அனுமதியில்லாமல் வாங்கியவற்றுக்கு மீதி 1,177.77 டாலரைத் திருப்பித் தரக் கோரும் முறையீடு

பெறுநர்: ரீஃபண்ட் மறுபரிசீலனைப் பிரிவு, ஆப் ஸ்டோர் வாடிக்கையாளர் சேவை
நாள்: 16 அக்டோபர் 2025
முந்தைய கோரிக்கை எண்: R-5520941
வாடிக்கையாளர் கணக்கு எண்: 40718-2265

மதிப்பிற்குரிய அதிகாரிக்கு,

என் கணக்கில் சேமித்து வைத்திருந்த கார்டிலிருந்து, அக்டோபர் 11, 12 ஆகிய இரு நாட்களில், தீவு கட்டும் விளையாட்டு ஒன்றுக்குள் (செயலி எண் 558310) 34 ஆர்டர்களுக்காக மொத்தம் 1,287.66 டாலர் எடுக்கப்பட்டது. 34-ஐயும் அழுத்தியது என் எட்டு வயது மகள். எதற்கும் நான் ஒப்புதல் தரவில்லை. அக்டோபர் 12 காலை 10:15-க்கு உங்கள் படிவத்தின் வழியாக எல்லாவற்றுக்கும் ரீஃபண்ட் கேட்டேன். ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது: 11 ஆர்டர்களுக்கு ஏற்பு, 23-க்கு மறுப்பு. காரணம் என்று இருந்தது "தகுதி பெறவில்லை" என்ற ஒற்றை வரிதான். அந்த 23 ஆர்டர்களை ஒரு மனிதர் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மாலை 7:12-க்கு மகள் கேட்டாள் என்று 1.99 டாலர் தொடக்கப் பொதி ஒன்றை நானே பாஸ்வேர்டு போட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தொகையை நான் கேட்கவில்லை. 34 ஆர்டர்களில் அது சேரவும் இல்லை. என் கணக்கில் "30 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்" என்ற அமைப்பு இருந்தது. அது நான் தேர்ந்தெடுத்தது அல்ல, கணக்கு தொடங்கியபோதே இருந்தது. ஆக, 7:12-க்கு நான் போட்ட பாஸ்வேர்டு 7:42 வரை கடையைத் திறந்தே வைத்திருந்தது. 7:14-க்கும் 7:41-க்கும் இடையில் 19 ஆர்டர்கள் போயிருக்கின்றன: 9.99 டாலரில் 11, 19.99 டாலரில் 6, 49.99 டாலரில் 2. கூட்டுத்தொகை 329.81. இந்த 19-ல் ஒன்றுக்குக்கூடத் திரையில் பாஸ்வேர்டு கேட்கப்படவில்லை. பாஸ்வேர்டு கேட்ட அந்தப் பெட்டியிலும், இது அடுத்த அரை மணி நேரத்துக்குச் செல்லும் என்று ஒரு சொல் இல்லை. அந்த விவரம் அமைப்புகளில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது வேறு வகை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காலை 6:20 முதல் 7:05 வரை, நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 14 ஆர்டர்கள்: 49.99 டாலரில் 9, 99.99 டாலரில் 5, மொத்தம் 949.86. இவற்றுக்கு நடுவில் 6:52-க்கு வாரம் 7.99 டாலர் வீதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு சந்தாவும் தொடங்கியிருக்கிறது. இந்த 15-க்கும் வழிவிட உங்கள் அமைப்பு அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கைரேகை கேட்டிருக்க வேண்டும். மகள் தன் விரலை வைத்தாள். பள்ளிப் பாடங்களுக்காக டேப்லெட்டைத் திறந்துகொள்ளட்டும் என்று கடந்த மார்ச்சில் அவள் விரலையும் சாதனத்தில் பதிந்திருந்தேன். கருவியைத் திறக்கப் பதிந்த விரல் அப்படியே பணம் செலுத்தவும் செல்லுபடியாகிவிடுகிறது. யாருடைய விரல் என்று அமைப்பு பார்ப்பதில்லை, பதிவான விரலா என்று மட்டுமே பார்க்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாதது என் கவனக்குறைவு. ஆனால் கணக்கின் உரிமையாளர் ஒப்புக்கொண்டார் என்பதற்கு எட்டு வயதுக் குழந்தையின் கைரேகை சான்றாகாது.

உங்கள் பதிவேட்டில் என் ஒப்புதல் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், அந்த 1.99 டாலர். மற்ற எல்லாம் அதன் முதுகிலும் குழந்தையின் விரலிலும் ஏறிப் போனவை. இதை என் வார்த்தையை நம்பி ஏற்க வேண்டாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் சரிபார்ப்பு எப்படி நடந்தது (பாஸ்வேர்டா, கைரேகையா, எதுவும் இல்லையா) என்ற பதிவு உங்களிடம் இருக்கும். 34 ஆர்டர்களுக்கும் அந்தப் பதிவின் நகலைத் தரும்படி கேட்கிறேன்.

ஏற்கப்பட்ட 11 எவை என்று பார்த்தால் மறுப்பு இன்னும் விளங்காமல் போகிறது. அவை சனிக்கிழமை மாலையின் 9.99 டாலர் ஆர்டர்கள் அனைத்தும், 109.89 டாலர் திரும்பி வந்துவிட்டது. அதே அரை மணி நேரத்தில், அதே சாதனத்தில், அதே குழந்தை அழுத்திய 19.99, 49.99 டாலர் ஆர்டர்களுக்கு மறுப்பு. 7:29-க்கு வாங்கிய 9.99 டாலர் பொதிக்கு ஒப்புதல் இல்லை என்று நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். 7:30-க்கு வாங்கிய 19.99 டாலர் பொதிக்கு ஒப்புதல் இருந்தது என்கிறீர்கள். தொகை கூடக் கூட ஒப்புதலும் கூடிவிடுமா என்ன?

இரண்டு இடங்களில் உங்கள் தரப்பு எச்சரித்திருந்தால் பெரும்பகுதி நின்றிருக்கும். முதலாவது, ரசீது. சனிக்கிழமை மாலையின் 19 ஆர்டர்களுக்கும் ரசீது உடனே வரவில்லை. எல்லா ஆர்டர்களையும் சேர்த்துக் கட்டி நான்கு மின்னஞ்சல்களாக அனுப்பியிருக்கிறீர்கள். முதல் மின்னஞ்சலே ஞாயிறு காலை 8:50-க்குத்தான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. சனிக்கிழமை இரவே ஒரு ரசீது வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையின் 957.85 டாலர் போயிருக்காது. இரண்டாவது, வேகம். என் கணக்கு ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. அதில் அதுவரை நடந்த மிகப் பெரிய ஒற்றைக் கொள்முதல் 14.99 டாலர். அப்படிப்பட்ட கணக்கில் 27 நிமிடத்தில் 19 கொள்முதல் நடந்தும் எந்தத் தடுப்பும் வேலை செய்யவில்லை. கடைசியில் எனக்குச் சொன்னது கார்டு கொடுத்த வங்கியின் குறுஞ்செய்திதான், ஞாயிறு காலை 9:30-க்கு.

விளையாட்டின் திரையையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், படங்களை இணைத்திருக்கிறேன். 4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று உங்கள் கடையிலேயே வகைப்படுத்தப்பட்ட விளையாட்டு அது. தீவில் ஒரு கட்டடம் முடிந்ததும் திரையின் கீழே வலப்பக்கம் பச்சை நிறத்தில் "தொடர்" பொத்தான் வருகிறது. விளையாட்டுக்குள் பணம்போலச் செலவழிக்கும் வைரம் தீர்ந்ததும் அதே இடத்தில், அதே பச்சையில், அதே அளவில் வாங்கும் பொத்தான் வருகிறது. அதன் நடுவில் ஒரு புதையல் பெட்டி குலுங்குகிறது, மேலே 2 நிமிடக் கடிகாரம் இறங்குகிறது. விலை பெட்டிக்கு அடியில் மெல்லிய சாம்பல் எழுத்தில் இருக்கிறது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டால் சலுகை போய்விடுவதில்லை, அடுத்த கட்டடத்தில் மறுபடி 2 நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. அரை மணி நேரம் சரிபார்ப்பே இல்லாத நிலையில் அந்தப் பொத்தானை அழுத்துகிற குழந்தைக்கு, அது செலவழிப்பது வைரம். டாலர் என்று ஒன்று அதன் கண்ணில் படுவதே இல்லை.

இது புதிய சிக்கலும் இல்லை. பாஸ்வேர்டு போட்ட பிறகு ஒரு ஆப் ஸ்டோரில் 15 நிமிடமும் இன்னொன்றில் 30 நிமிடமும் குழந்தைகள் தடையில்லாமல் வாங்க முடிந்தது என்பதற்காகவே அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2014-ல் நடவடிக்கை எடுத்தது. அந்த இரு நிறுவனங்களும் முறையே குறைந்தது 3.25 கோடி, 1.9 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. விவரம் தெரிந்து, வெளிப்படையாகத் தந்த ஒப்புதல் இல்லாமல் கட்டணம் எடுக்கக் கூடாது என்பதே அந்த உடன்பாடுகளின் அடிப்படை. என் கோரிக்கையும் அதே அளவுகோலில்தான் நிற்கிறது.

நான் இதுவரை செய்தவை: ஞாயிறு 9:48-க்கு, அக்டோபர் 19-ல் புதுப்பிக்கவிருந்த சந்தாவை ரத்து செய்தேன் (செயலியை அழித்தால் சந்தா நிற்காது என்பதால் அதை முதலில் செய்தேன்). கணக்கிலிருந்து கார்டை நீக்கினேன். சாதனத்திலிருந்து மகளின் கைரேகையை எடுத்தேன். சரிபார்ப்பை ஒவ்வொரு கொள்முதலுக்கும் என்று மாற்றினேன். அவளுக்குக் குடும்பக் குழுவில் தனிக் குழந்தைக் கணக்கு திறந்து, எதை வாங்கினாலும் என் ஒப்புதல் கேட்கும்படி வைத்தேன். இனி இது நடக்காது என்று சொல்வதற்கு இவையே ஆதாரம். மாற்றிய அமைப்புகளின் படங்களும் இணைப்பில் உள்ளன.

பணத்தையும் வாங்கிக்கொண்டு பொருளையும் வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. விளையாட்டை நான் அழிக்கவில்லை. ஞாயிறு காலைக்குப் பிறகு யாரும் விளையாடவும் இல்லை. விளையாட்டுக்குள் இருக்கும் ஆட்டக்காரர் எண் K7Q-40RM-218. அதில் 61,400 வைரம் செலவழிக்கப்படாமல் கிடக்கிறது. அவற்றையும், வைரம் கொடுத்து வாங்கிய கட்டடங்களையும் செயலியை உருவாக்கியவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கையே மூடினாலும் எனக்குச் சம்மதம். அவர்களுக்கும் அக்டோபர் 13 அன்று எழுதினேன். பணம் ஆப் ஸ்டோர் வழியாக வருவதால் ரீஃபண்டை அங்கேதான் கேட்க வேண்டும் என்று பதில் அனுப்பினார்கள். அந்தப் பதிலும் இணைப்பில் இருக்கிறது.

நான் கேட்பது: மறுக்கப்பட்ட 23 ஆர்டர்களுக்கான 1,177.77 டாலர் முழுவதும் அதே கார்டுக்குத் திரும்ப வேண்டும். 19.99 டாலரில் 6 ஆர்டருக்கு 119.94, 49.99 டாலரில் 11 ஆர்டருக்கு 549.89, 99.99 டாலரில் 5 ஆர்டருக்கு 499.95, சந்தாவுக்கு 7.99. கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய இருப்பாகத் தருவதை ஏற்க மாட்டேன். கார்டுக் கட்டணத்தை அந்த இருப்பைக் கொண்டு அடைக்க முடியாது. ஏதாவது ஒரு ஆர்டரை மீண்டும் மறுப்பதானால், அந்த ஆர்டர் எண்ணையும், எந்த விதியின் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். 34 ஆர்டர் எண்களும் நேர வரிசையில் முதல் இணைப்பில் உள்ளன.

வங்கி வழியாகக் கட்டணத்தை மறுத்துப் பணத்தைத் திரும்பப் பெறும் வழி எனக்குத் தெரியும். அதை இதுவரை தொடவில்லை. அப்படிச் செய்தால் கணக்கு முடக்கப்படலாம். ஆறு ஆண்டாக வாங்கிய மற்ற செயலிகளும் சேமித்த படங்களும் அதோடு மாட்டிக்கொள்ளும். உங்களோடு நேரடியாகத் தீர்ப்பதே இருவருக்கும் நல்லது. ஆனால் வங்கியிடம் முறையிடவும் கால வரம்பு உண்டு என்பதால் காலவரையின்றிக் காத்திருக்க இயலாது. அக்டோபர் 30-க்குள் பதில் வராவிட்டால் வங்கியிடமும் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடமும் இந்தக் கடிதத்தின் நகலோடு முறையிடுவேன்.

தொலைபேசியில் பேச வேண்டுமானால் கணக்கில் பதிந்துள்ள எண்ணுக்கு எந்த நாளும் மாலை 5 மணிக்குப் பிறகு அழைக்கலாம். பேசி முடிவானதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கலைவாணி
கணக்கின் உரிமையாளர், குழந்தையின் தாய்