துணியைத் திருப்பி அனுப்புவதும் காசைத் திரும்பப் பெறுவதும்: எங்கள் கடையின் நடைமுறை

2026 ஜனவரி 1 முதல் எடுக்கப்படும் ஓடர்களுக்கு இது பொருந்தும்.

கடை என்று சொன்னாலும் எங்களுடையது திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டின் முன் அறைதான். அங்கே இரண்டு அலுமாரி, ஒரு தையல் மெஷின், நான், என் தங்கை. தொடங்கிய காலத்தில் எங்கள் பில்லிலும் “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது” என்ற முத்திரை இருந்தது. பிறகு நானே வேறொரு இடத்தில் ஒன்லைனில் மகளுக்குக் கவுன் வாங்கினேன். வந்ததில் சிப் ஓடவில்லை. நான் அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழுந்ததோடு சரி, பதில் வரவே இல்லை. அந்தக் கிழமையே முத்திரையை எறிந்துவிட்டேன். வாங்குமுன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

எத்தனை நாள்

பார்சல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் சொல்லுங்கள். ஓடர் போட்ட நாளோ, நாங்கள் அனுப்பிய நாளோ கணக்கில்லை. ஓடர் செய்த அதே வாட்ஸ்அப் இலக்கத்துக்கு ஓடர் இலக்கம், என்ன பிரச்சினை, ஒன்றிரண்டு படம், இவ்வளவும் போதும். நாங்கள் “அனுப்புங்கள்” என்று சொன்ன பிறகு இன்னும் 5 நாட்களுக்குள் கூரியரிலோ தபாலிலோ கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் அனுப்பினால் பார்சல் யாருடையது என்று தேடுவதிலேயே இரண்டு நாள் போகும்.

தையல் விட்டுப்போவது, துணி நூல் பிரிவது, சாயம் திட்டுத்திட்டாய்ப் போவது போன்றவை உடுத்துத் துவைத்த பிறகுதான் தெரியும். அவற்றுக்கு 7 நாள் கணக்குப் பார்ப்பதில்லை, 30 நாள் வரை சொல்லலாம். துவைத்திருந்தாலும் பரவாயில்லை.

பிழை எங்களுடையது என்றால்

கிழிசல், கறை, தையல் பிழை, நீங்கள் கேட்ட சைஸ் அல்லாமல் வேறு சைஸ், மெரூன் கேட்டவருக்குச் சிவப்பு, செட்டில் ஷோல் குறைவு. இவையெல்லாம் எங்கள் பொறுப்பு. மாற்றித் தரவா, காசு தரவா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள்தான். உடுப்பின் விலையையும், நீங்கள் கொடுத்த டெலிவரிக் கட்டணத்தையும், திருப்பி அனுப்பிய கூரியர் செலவையும் தருவோம். கூரியர் ரசீதைப் படம் எடுத்து வைத்திருங்கள்.

பார்சல் கிழிந்தோ நனைந்தோ வந்தால் 48 மணித்தியாலத்துக்குள் சொன்னால் நல்லது. மார்கழி மழையில் ஒரு தடவை நான்கு சாறிகள் பொலித்தீனுக்குள்ளேயே ஊறி வந்தன. கூரியர்காரர் படம் கேட்டார், எங்களிடம் இருக்கவில்லை, நட்டம் எங்களுக்கு. படம் கேட்பது உங்களை நம்பாமல் இல்லை, நாங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியிருப்பதால்தான். பிரிக்கும்போது போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்தால் இன்னும் சுகம். வீடியோ இல்லை என்பதற்காக உங்கள் முறைப்பாட்டைத் தள்ளிவிட மாட்டோம்.

காசு கொடுத்து எடுக்கும் பார்சலை, காசு கொடுக்குமுன் பிரித்துப் பார்க்கக் கூரியர் தம்பிமார் விடமாட்டார்கள். அது அவர்களுடைய ஒழுங்கு, அவர்களோடு வாக்குவாதப்பட வேண்டாம். வாங்கிப் பிரியுங்கள், பிழை இருந்தால் எங்களிடம் வாருங்கள்.

சைஸ் சரிவராவிட்டால்

திரும்பி வருவதில் பாதிக்கு மேல் சைஸ் பிரச்சினைதான். ‘எம்’, ‘எல்’ என்ற எழுத்தை நம்பாதீர்கள். ஒரு இடத்து எல் இன்னொரு இடத்து எம். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு குர்தியை மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளவுநாடாவை வையுங்கள். 20 அங்குலம் வந்தால் உடுப்பின் மார்புச் சுற்று 40. ஒவ்வொரு உடுப்பின் கீழும் நாங்கள் எழுதியிருப்பதும் இப்படி உடுப்பை அளந்து எடுத்த அளவுதான், உடம்பின் அளவு அல்ல. அரை அங்குலம் கூடிக் குறையலாம், கையால் வெட்டித் தைப்பது. நாங்கள் எழுதிய அளவுக்கும் வந்த உடுப்புக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது எங்கள் பிழை, மேலே சொன்னபடி முழுச் செலவும் எங்களுக்கு.

அளவு சரி, ஆனால் உங்களுக்குப் பிடிப்பாகவோ தொளதொளவென்றோ இருக்கிறதா? ஒரு தடவை சைஸ் மாற்றித் தருவோம். எங்களுக்கு அனுப்பும் செலவு உங்களுடையது, புதிய சைஸை உங்களுக்கு அனுப்பும் செலவு எங்களுடையது. நீங்கள் கேட்கும் சைஸ் கையிருப்பில் இருந்தால் மூன்று நாளைக்கு உங்கள் பெயரில் எடுத்து வைப்போம். தீபாவளி, தைப்பொங்கல், நோன்புப் பெருநாள் நேரத்தில் சைஸ்கள் மளமளவென்று முடிந்துவிடும். அப்போது காசைத்தான் தர முடியும், பெருநாளுக்குள் வேறு துணி வருமென்று வாக்குத் தர மாட்டோம்.

பிடிக்கவில்லை என்றால்

அதற்கும் இடம் இருக்கிறது, காரணம் கேட்க மாட்டோம். உடுத்தாமல், துவைக்காமல், விலைத்துண்டு கழற்றாமல் இருக்க வேண்டும். போட்டுப் பார்க்கலாம், போட்டுக்கொண்டு போகக் கூடாது. பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் வந்த சாறியை மடித்து அனுப்பினால் எங்களுக்குத் தெரியும். முந்தானையில் சந்தனம், கொசுவத்தில் மணல், பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசம். அப்படி வந்ததை உங்கள் செலவில் திருப்பி அனுப்பிவிடுவோம்.

உடுப்பின் விலை முழுதும் கிடைக்கும். முதல் டெலிவரிக் கட்டணமும், நீங்கள் திருப்பி அனுப்பும் செலவும் கிடைக்காது.

போன் திரையில் ஒரு நிறமும் கையில் ஒரு நிறமும் தெரிவதுண்டு. வாங்குமுன் கேட்டால் விறாந்தை வெளிச்சத்தில் ஒன்றும் மின்குமிழ் வெளிச்சத்தில் ஒன்றுமாய் இரண்டு படம் அனுப்புவோம். கைத்தறித் துணியில் அங்கங்கே தடித்த நூல் தெரிவது குறையல்ல, அது தறியில் நெய்ததன் அடையாளம். கறுப்பு, மெரூன் பத்திக் துணிகளில் முதல் அலசலில் கொஞ்சம் சாயம் வரும், தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். தனியாக அலசியும் பூவின் மேல் சாயம் இறங்கி அழுக்காகிவிட்டால் அது குறைதான், அனுப்புங்கள்.

எதை எடுக்க முடியாது

உள்ளாடைகள், மீற்றர் கணக்கில் வெட்டிய துணி, நீங்கள் வேறிடத்தில் கொடுத்து வெட்டிச் சிறிதாக்கிய உடுப்பு. உங்கள் அளவுக்குத் தைத்த சாறிச் சட்டையையும் பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது. இன்னொருவருக்கு அது பொருந்தாது. ஆனால் நீங்கள் தந்த அளவுக்கு நாங்கள் தைக்கவில்லை என்றால் திருத்தித் தருவோம், திருத்த முடியாவிட்டால் துணிக்காசும் தையற்கூலியும் தருவோம். இந்தப் பந்தியில் உள்ளவற்றிலும் கறை, கிழிசல் இருந்தால் எங்கள் பொறுப்பு மாறாது.

மலிவு விற்பனையில் வாங்கியதற்கும் இதே ஒழுங்குதான். விலை குறைத்தோம் என்பதற்காக ஓட்டைச் சட்டையை உங்கள் தலையில் கட்ட முடியாது.

காசுக் கணக்கு

ஒரு குர்தி 3,200 ரூபா, டெலிவரி 400 ரூபா, நீங்கள் கட்டியது 3,600 என்று வையுங்கள். எங்கள் பிழை என்றால் 3,600 ரூபாவும் திருப்பி அனுப்பிய செலவும் வரும். பிடிக்காமல் அனுப்பினால் 3,200 வரும்.

இரண்டு குர்தி சேர்த்து 5,800 என்ற சலுகையில் வாங்கி, பிடிக்காமல் ஒன்றை மட்டும் திருப்பினால்? வைத்துக்கொண்டது தனி விலைக்கு, அதாவது 3,200க்கு வந்துவிடும், மிச்சம் 2,600 உங்களுக்கு. திருப்பியது குறையுள்ளது என்றால் பாதி விலை, 2,900 தருவோம், ஏனென்றால் சலுகையைக் கெடுத்தது நாங்கள். 10,000 ரூபாவுக்கு மேல் வாங்கி இலவச டெலிவரி கிடைத்தவர் ஒன்றைத் திருப்பியதால் தொகை குறைந்தாலும், அந்த டெலிவரிக் காசை வெட்ட மாட்டோம்.

உடுப்பு எங்களிடம் வந்து சேர்ந்த நாளில் செய்தி போடுவோம். பார்த்து முடிக்க ஒரு வேலைநாள். அதிலிருந்து 3 வேலைநாட்களுக்குள் வங்கிக்குப் போடுவோம், ஸ்லிப் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறை நாட்கள் கணக்கில் சேராது. மாற்றும் வங்கிக் கட்டணத்தை உங்களிடம் கழிப்பதில்லை. கார்ட்டில் கட்டியவர்களுக்கு அதே கார்ட்டுக்குத்தான் திரும்பும். நாங்கள் அனுப்பினாலும் உங்கள் வங்கி கணக்கில் காட்டச் சில நாள் எடுக்கலாம், அனுப்பிய திகதியை எழுதித் தருவோம்.

காசு அனுப்ப உங்களிடம் கேட்பது நான்கு விடயங்கள்: பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம். ஓ.டி.பி., கார்ட்டின் பின்பக்க இலக்கம், பின் நம்பர் எதையும் கேட்கவே மாட்டோம். எங்கள் கடையின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் போனை வையுங்கள், பிறகு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கணக்கு இல்லாத அம்மாமார் வீட்டுக்கு வந்து கையில் வாங்கலாம். வரும் நேரத்தை முதலே சொல்லிவிட்டு வாருங்கள். கூப்பன் தந்து சமாளிக்க மாட்டோம், நீங்களாகக் கேட்டால் தவிர.

வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுப்பவர்களுக்கு

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து கட்டி, மூதூரில் இருக்கும் அம்மாவுக்குச் சாறி அனுப்புபவர்கள் நிறையப் பேர். சைஸ், நிறம் மாற்ற அம்மாவே கேட்கலாம், உங்களிடம் அனுமதி கேட்டு நிற்க மாட்டோம். காசு மட்டும் கட்டியவருக்கே போகும். இதில் குடும்பச் சண்டைக்குள் எங்களை இழுக்க வேண்டாம், தயவுசெய்து. திரும்புவது ரூபாவில். இடையில் நாணய மாற்று விலை ஏறி இறங்கினால் அந்த வித்தியாசத்தை நாங்கள் ஈடுசெய்ய முடியாது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

நகரத்துக்குள்ளும் உப்புவெளி வரையும் தங்கையே ஸ்கூட்டரில் வந்து எடுப்பாள், 150 ரூபா. எங்கள் பிழை என்றால் இலவசம். நிலாவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துக்குக் கூரியர்தான்.

ஓடர் போட்டுவிட்டு எடுக்காவிட்டால்

ஒரு தடவை என்றால் பேசாமல் விடுவோம், யாருக்கும் அவசரம் வரும். இரண்டாம் தடவையும் பார்சல் திரும்பி வந்தால், அடுத்த ஓடருக்கு முற்பணம் கட்ட வேண்டும். போகவும் வரவும் செலவு எங்களுக்குத்தானே. பார்சல் எங்கள் கையை விட்டுப் போகுமுன் ஓடரை ரத்துச் செய்தால் கட்டியது முழுதும் திரும்பும்.

எங்களோடு ஒத்துவராவிட்டால்

முதலில் என்னோடு பேசுங்கள், 2 வேலைநாட்களுக்குள் எழுத்தில் பதில் தருவேன். அதுவும் சரியில்லை என்று பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனையிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அங்கே எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள், பார்சலுக்குள் மடித்து வைத்திருக்கும் மஞ்சள் கடதாசிதான் அது. சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை எதையும் இந்த நடைமுறை குறைக்காது.

இதில் ஏதாவது மாற்றினால் மேலே உள்ள திகதியும் மாறும். நீங்கள் ஓடர் போட்ட நாளில் என்ன எழுதியிருந்ததோ, உங்களுக்கு அதுதான்.