பூ விலை ஆப்: ரிவ்யூ புகார்கள், எண்ணிக்கை வரிசையில்

தம்பிக்கு,

நீங்க அனுப்பிய 46 ப்ளே ஸ்டோர் ரிவ்யூ ஸ்கிரீன்ஷாட்டையும் பார்த்து, புகார்களை வகை பிரித்து எண்ணி முடித்தாச்சு. ஒரே ரிவ்யூ இரண்டு படத்தில் வந்ததை ஒன்றாக்கினால் மொத்தம் 71 ரிவ்யூ. அதில் 19 பேர் "நல்ல ஆப்" என்ற அளவில் நிறுத்திவிட்டார்கள். மீதி 52 பேரில் 11 பேர் இரண்டு குறை சொல்லியிருப்பதால் மொத்தம் 63 புகார்.

1. பழைய விலை காட்டுகிறது: 21
2. ஓடிபி வரவில்லை: 15
3. விலை அறிவிப்பு வரவில்லை, தாமதம்: 9
4. விளம்பரம் விலையை மறைக்கிறது: 7
5. எழுத்து சின்னது: 5
6. ஒருவர் மட்டும் சொன்னவை: 6

முதல் புகாரை மட்டும் நிதானமாகப் படிங்க. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார்: "காலைல ஆறு மணிக்கு மல்லி விலை நேத்து விலையாவே நிக்குது. கமிஷன் கடையில போட்டுட்டு வந்தப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விலை படியும் நேரத்துக்கு முன்னால் புது விலை தர உங்களால் முடியாது, அது புரிகிறது. ஆனால் நேற்றைய விலை இன்றைய விலை போல நிற்கிறதே, அதுதான் அவர்களைச் சுடுகிறது. முகூர்த்த நாளில் இந்த வித்தியாசம் பெரிய பணம். விலைக்குப் பக்கத்திலேயே தேதியும் நேரமும் போட்டுவிடுங்க. இந்த 21 பேரில் 6 பேர் நான்கு ஸ்டார் கொடுத்தவர்கள். ஒரு ஸ்டாரை மட்டும் படித்திருந்தால் இவர்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

ஓடிபி புகார் 15-ல் 12, போன அப்டேட்டுக்குப் பிறகு வந்தவை. எஸ்எம்எஸ் வாசகத்தை அப்போது மாற்றினீர்களா? எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதிய வேண்டிய டிஎல்டி தளத்தில் நீங்க பதிந்த டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் ஆபரேட்டரே தடுத்துவிடுவார். முதலில் அதைப் பாருங்க. உள்ளே நுழையவே முடியாதவர் ஆப்பை அழித்துவிடுவார் என்பதால், எண்ணிக்கையில் இரண்டாவதாக இருந்தாலும் இதைத்தான் இன்றே சரிசெய்யச் சொல்வேன்.

அறிவிப்புப் புகாரில் பாதி புது போன்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் `POST_NOTIFICATIONS` அனுமதியைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய போன்களில் பேட்டரி சேமிப்பு காரணமாக இருக்கலாம். விளம்பரத்தை விலைப் பட்டியலுக்குக் கீழே இறக்கினால் போதும். எழுத்தளவு சொன்ன ஐந்து பேருமே வயதானவர்கள் போலத் தெரிகிறது, போன் செட்டிங்கில் வைத்த அளவை ஆப்பும் ஏற்கட்டும்.

நான்கு ரிவ்யூ பாதியில் வெட்டுப்பட்டிருந்தன, தெரிந்த வரிகளை மட்டும் எண்ணினேன். ஸ்டோர் தானே முன்னால் வைத்ததைத்தான் படமெடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் பட்டியலில் 4-வது, 5-வது புகார்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். முதல் இரண்டும் மாறாது. ப்ளே கன்சோலில் மாத வாரியான ரிவ்யூ கோப்பு கிடைக்கும், ஆப் பதிப்பு எண்ணும் அதில் இருக்கும். அதை இறக்கி அனுப்புங்க, ஓடிபி சந்தேகத்தை உறுதி செய்துவிடலாம்.

ஸ்டோரில் ரிவ்யூவுக்குப் போடும் பதில் 350 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தேதி போட்ட பதிப்பு வந்ததும் அந்த 21 பேருக்கும் இதைப் போடுங்க: "ஐயா, நீங்க சொன்னது சரி. இனி ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் அது எந்தத் தேதி, எத்தனை மணி விலை என்று தெரியும். புது விலை வராதபோது 'நேற்றைய விலை' என்றே காட்டும். அப்டேட் செய்து பார்த்துச் சொல்லுங்க."